பேமென்ட் அட்வைஸ் படத்திலிருந்து பில் வாரியாக நிலுவையை முடித்தல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வாடிக்கையாளர் நிறுவனம் பல பில்களுக்குச் சேர்த்து ஒரே தொகையை வங்கியில் போட்டுவிட்டு, எந்தப் பில்லுக்கு எவ்வளவு, எதில் என்ன பிடித்தம் என்ற விவரத்தைக் கைப்பேசியில் எடுத்த படமாகவோ ஸ்கேன் செய்த தாளாகவோ அனுப்பும்போது வரும் சிக்கல்களுக்காக இதை எழுதுகிறேன். அம்பத்தூர்ப் பக்கத்துச் சிறு உற்பத்திக் கூடங்களுக்குக் கணக்கு எழுதும் வேலையில் மாதந்தோறும் இதே தவறுகளைத் திருத்தியிருக்கிறேன். டேலியில் பில் வாரி விவரம் வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதியிருந்தாலும், வேறு மென்பொருளிலும் சோதனைகள் இவையே.

விளக்கத்துக்காக ஒரே ஒரு அட்வைஸைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். தகட்டு பிராக்கெட் செய்து தரும் ஒரு கூடம் 2024 நவம்பரில் எழுப்பிய நான்கு பில்களுக்கு 2025 ஜனவரியில் ரூ. 6,72,025 வங்கியில் வந்தது. ஜிஎஸ்டி 18 விழுக்காடு. 194க்யூ பிரிவின்படி வரிக்கு முந்தைய மதிப்பில் 0.1 விழுக்காடு டிடிஎஸ் பிடிக்கப்பட்டுள்ளது. எண்களும் தொகைகளும் உதாரணத்துக்காக எளிமையாக்கப்பட்டவை.

| பில் எண் | பில் தொகை | டிடிஎஸ் | நிகரம் |
|---|---|---|---|
| 0187 | 1,18,000 | 100 | 1,17,900 |
| 0191 | 2,83,200 | 240 | 2,82,960 |
| 0194 | 1,00,300 | 85 | 1,00,215 |
| 0198 | 1,77,000 | 150 | 1,76,850 |
| டெபிட் நோட் (0191, ரிஜெக்ஷன்) | 5,900- | 0 | 5,900- |

எந்த அறிகுறியாக இருந்தாலும், டேலியைத் திறப்பதற்கு முன் மூன்று தொகைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வங்கியில் வரவான தொகை, அட்வைஸின் அடியில் அச்சான மொத்தம், நீங்கள் எக்செலில் எடுத்த வரிகளின் கூட்டுத்தொகை. இம்மூன்றில் எந்த இரண்டு ஒத்துப்போகின்றன என்பதைப் பொறுத்துத்தான் கீழே எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பது முடிவாகும்.

## அறிகுறி 1: அச்சான மொத்தமும் வங்கி வரவும் ஒத்துப்போகவில்லை

இது படத்தைப் படிப்பதில் வந்த பிழையன்று. ஆகவே வரிகளைத் தோண்டத் தொடங்காதீர்கள்.

முதலில் யுடிஆர் எண்ணைப் பாருங்கள். நெஃப்ட் என்றால் 16 எழுத்துகளும் ஆர்டிஜிஎஸ் என்றால் 22 எழுத்துகளும் இருக்கும். அட்வைஸில் உள்ள எண்ணும் வங்கிக் கணக்கு அறிக்கையில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால், உங்கள் கையில் இருப்பது வேறொரு பணவரவுக்கான அட்வைஸ். ஒரே வாரத்தில் இரண்டு முறை பணம் அனுப்பும் வாடிக்கையாளர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது.

யுடிஆர் ஒத்துப்போய் மொத்தம் மட்டும் குறைவாக இருந்தால், பக்க எண்ணைப் பாருங்கள். இரண்டு பக்க அட்வைஸில் முதல் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பியிருப்பார்கள். அடியில் நீங்கள் மொத்தம் என்று நினைப்பது அந்தப் பக்கத்தின் கூட்டுத்தொகையாக இருக்கும். இரண்டும் இல்லையென்றால் வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. பதில் வரும்வரை தொகையை `On Account` ஆக வைத்திருக்கலாம், ஆனால் எந்தப் பில்லின் மீதும் ஊகித்து வரவு வைக்க வேண்டாம். அந்த ஊகம் பிறகு என்ன செய்யும் என்பதை மூன்றாவது அறிகுறியில் சொல்கிறேன்.

## அறிகுறி 2: அச்சான மொத்தம் வங்கியோடு ஒத்துப்போகிறது, எடுத்த வரிகளின் கூட்டுத்தொகை ஒத்துப்போகவில்லை

இது முழுக்கப் படத்தைப் படித்ததில் வந்த பிழை. செலவில்லாமல் திருத்தலாம், பெரும்பாலும் பத்து நிமிட வேலைதான்.

முதலில் வித்தியாசத்தைப் பாருங்கள். எந்த வகைத் தவறு என்பதை அந்தத் தொகையே பெரும்பாலும் சொல்லிவிடும்.

வித்தியாசம் ஒரு கழிவு வரியின் தொகைக்குச் சமமாகவோ அதன் இரு மடங்காகவோ இருந்தால்: கழித்தல் குறிதான் காரணம். பெரிய நிறுவனங்களின் மென்பொருள் பல இடங்களில் கழித்தல் குறியை எண்ணுக்குப் பின்னால் அச்சிடுகிறது: `5,900.00-`. எழுத்துணரி மென்பொருள் அந்தச் சிறு கோட்டை அழுக்கு என்று விட்டுவிட்டால், கழிய வேண்டிய 5,900 கூடிவிடும். வித்தியாசம் 11,800 வரும். கோட்டைச் சரியாகப் படித்தாலும், எக்செல் அதை எண்ணாக ஏற்காமல் எழுத்தாக வைத்துக்கொண்டால் `SUM` அந்த வரியைத் தொடாது. அப்போது வித்தியாசம் சரியாக 5,900 வரும். அடைப்புக்குறிக்குள் அச்சாகும் கழிவுத் தொகைகளையும் இதேபோலச் சரிபாருங்கள்.

வித்தியாசம் 5, 50, 500 போல ஒற்றை இலக்கமும் சுழியங்களுமாக இருந்தால்: ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. 3-ஐ 8 என்றும், 1-ஐ 7 என்றும், 6-ஐ 8 என்றும் படிப்பது வழக்கம். நம் அட்வைஸில் பில் தொகைகளின் கூட்டு 6,78,500 வர வேண்டும்; எடுத்ததில் 6,79,000 வந்தது. வித்தியாசம் 500 என்பதால் நூறின் இடத்தில் ஐந்து வேறுபடும் இலக்கத்தைத் தேட வேண்டும் என்று தெரிந்தது: 1,00,300 என்பது 1,00,800 ஆகியிருந்தது.

வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால்: கையால் தட்டச்சு செய்தவர் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். 2,83,200 என்பதை 2,38,200 என்று அடித்தால் வித்தியாசம் 45,000. இது வாய்ப்புத்தானே தவிர உறுதியான சான்றன்று. பழைய கணக்கர்கள் பேரேட்டில் பயன்படுத்திய சோதனை, எக்செலிலும் உதவுகிறது.

வித்தியாசம் எதுவும் சொல்லவில்லையென்றால் வரிக்கு வரி சோதியுங்கள். பில் தொகை C, டிடிஎஸ் D, பிற பிடித்தம் E, நிகரம் F என்று வைத்தால், ஒவ்வொரு வரியிலும் இது சுழியம் தர வேண்டும்:

```
=ROUND(C2-D2-E2-F2,2)
```

சுழியம் வராத வரியில்தான் பிழை. எல்லா வரிகளிலும் சுழியம் வந்தும் நிகரப் பத்தியின் கூட்டுத்தொகை குறைந்தால் இலக்கத்தைத் தேடாதீர்கள், பத்தி நகர்ந்திருக்கிறது. டிடிஎஸ் கட்டம் வெறுமையாக இருந்த வரியில் மென்பொருள் அந்த இடத்தைத் தாண்டி, நிகரத்தை டிடிஎஸ் பத்தியில் வைத்திருக்கும்.

ஒரே அட்வைஸில் மூன்று, நான்கு வரிகள் இப்படிப் பிழையாக வந்தால், எண்களைத் திருத்துவதை நிறுத்திவிட்டுப் படத்தைத் திருத்துங்கள். வாட்சப்பில் படமாக வருவது சுருக்கப்பட்டு வருகிறது. அதே கோப்பை ஆவணமாக அனுப்பச் சொன்னால் தெளிவு அப்படியே வரும். அதைவிட நல்லது, அவர்களது மென்பொருள் உருவாக்கிய பிடிஎஃப் கோப்பையே மின்னஞ்சலில் கேட்பது. எண்கள் அதில் எழுத்தாகவே இருக்கும் என்பதால் படிக்கும் பிழைக்கே இடமில்லை. படம்தான் கிடைக்கும் என்றால் தாளைச் சமதளத்தில் வைத்து 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, ஓரங்களையும் முத்திரையையும் வெட்டிவிட்டு, அட்டவணையை மட்டும் கொடுங்கள். டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கட்டளை வரிகளைக் குலைக்காமல் தருகிறது:

```
tesseract advice.png advice --psm 6 -c preserve_interword_spaces=1
```

பத்து வரிக்குக் குறைவான அட்வைஸுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஒருவர் வாசிக்க மற்றவர் அடிப்பதே விரைவானது.

## அறிகுறி 3: அட்வைஸில் உள்ள பில் எண் நம் நிலுவைப் பட்டியலில் இல்லை

முதல் காரணம், எண் வேறு வடிவில் இருக்கிறது. நம் பில்லில் `INV/24-25/0191` என்று இருப்பதை வாடிக்கையாளர் தம் மென்பொருளில் `191` என்றோ `24250191` என்றோ பதிந்திருப்பார். படத்தில் சுழியம் ஓ எழுத்தாகவும், ஒன்று ஆங்கில எல் எழுத்தாகவும் மாறியிருக்கலாம். எக்செலில் பில் எண் பத்தியை ஒட்டுவதற்கு முன்பே `Text` வகையாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் முன்சுழியங்கள் உதிர்ந்துவிடும், `12/24` போன்ற எண்கள் தேதியாகிவிடும். பிறகு இரு பட்டியல்களிலும் கடைசி நான்கு இடங்களை மட்டும் எடுத்து ஒப்பிடலாம்:

```
=RIGHT("000"&TRIM(A2),4)
```

இதில் `/191` என்பது போல ஏதாவது வந்தால் கண்ணில் படும், கையால் திருத்துங்கள். கடைசி நான்கு இலக்கம் ஆண்டுக்கு ஆண்டு திரும்ப வரும் என்பதால் பில் தேதியையும் சேர்த்தே பொருத்த வேண்டும்.

இரண்டாவது காரணம், அது நம் பில் எண்ணே அன்று. வாடிக்கையாளரின் உள் ஆவண எண், சரக்கு வரவு எண், டெலிவரி சலான் எண் ஆகியவற்றில் ஒன்று அந்தப் பத்தியில் அச்சாகியிருக்கும். ஒரு வாடிக்கையாளரின் அட்வைஸில் எல்லா வரிகளிலும் பத்து இலக்க எண்கள் ஒரே தொடக்கத்தோடு இருந்தால் அவை அவர்களது ஆவண எண்கள் என்று கொள்ளலாம். பக்கத்திலேயே நம் எண்ணுக்கான பத்தி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் தொகையையும் தேதியையும் வைத்துப் பொருத்தலாம். ஆனால் மாதாமாதம் ஒரே அளவு சரக்கு போகும் இடத்தில் ஒரே தொகைக்கு மூன்று பில்கள் இருக்கும். அங்கே தொகையை மட்டும் நம்பிப் பொருத்துவது தவறு.

மூன்றாவது காரணம்தான் உண்மையில் தொல்லை தருவது: அந்தப் பில்லை நாமே ஏற்கெனவே முடித்துவிட்டோம். அட்வைஸ் வராத மாதத்தில் யாரோ ஒருவர், பழைய பில்லிலிருந்து தொடங்கி வரிசையாகத் தொகையை வைத்துத் தீர்த்திருப்பார். வாடிக்கையாளரோ அந்த மாதம் 0187-ஐ நிறுத்தி வைத்துவிட்டு 0195-க்குப் பணம் தந்திருப்பார். இப்போது 0187-க்கு உண்மையான பணம் வரும்போது நம் பட்டியலில் அது இல்லை; 0195 மட்டும் பாக்கியாகத் தெரிகிறது. இதற்கு மருந்து, இன்றைய தொகையை 0195-இல் வைத்து ஒப்பேற்றுவதன்று. அப்படி வைத்தால் பிழை அடுத்த மாதத்துக்கு நகர்கிறதே தவிரத் தீருவதில்லை. 0187-இன் பேரேட்டு விவரத்தைத் திறந்து, எந்த ரசீது வவுச்சர் அதை முடித்தது என்று கண்டுபிடித்து, அந்த மாதத்து அட்வைஸைக் கேட்டு வாங்கி, பழைய வவுச்சரின் பில் வாரி விவரத்தை மட்டும் மாற்றுங்கள். வவுச்சரின் தொகையும் தேதியும் மாறாதவரை வங்கிச் சரிபார்ப்பு கலையாது.

இந்தத் திருத்தம் தணிக்கை முடிந்த ஆண்டுக்குள் போகிறது என்றால் அங்கே நிறுத்திவிட்டுத் தணிக்கையாளரிடம் கேளுங்கள். நடப்பு ஆண்டில் ஒரு ஜர்னல் மூலம் பில்களை மாற்றிக்கொள்ள முடியுமா என்பதை அவர் சொல்வார்.

## அறிகுறி 4: பில் கிடைத்தது, ஆனால் பிடித்தம் எதற்கு என்று தெரியவில்லை

அட்வைஸில் பிடித்தத்தின் பெயர் அச்சாகியிருந்தால் வேலை எளிது. பெரும்பாலும் ஒரு சுருக்கக் குறியோ வெறும் தொகையோதான் இருக்கும். அப்போது பிடித்தத்தை இரண்டு தொகைகளோடு ஒப்பிடுங்கள்: வரிக்கு முந்தைய மதிப்பு, வரியோடு சேர்ந்த பில் தொகை. 18 விழுக்காட்டுப் பில்லில் தொகையை 1.18-ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய மதிப்பு கிடைக்கும். 0198-ஐ எடுத்துக்கொள்வோம்: பில் தொகை 1,77,000, வரிக்கு முந்தைய மதிப்பு 1,50,000, வரி 27,000.

பிடித்தம் 150: வரிக்கு முந்தைய மதிப்பில் 0.1 விழுக்காடு, 194க்யூ டிடிஎஸ். ஓர் ஆண்டில் ஒரு வாடிக்கையாளருக்கு விற்றது 50 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே இது பொருந்தும். ஆகவே எல்லையைத் தாண்டும் அந்த ஒரு பில்லில் மட்டும் கணக்கு இடிக்கும்: 2,40,000 மதிப்புள்ள பில்லில் 60,000 மட்டுமே எல்லைக்கு மேல் என்றால் பிடித்தம் 240 அன்று, 60. இதைப் பிழை என்று நினைத்து வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதியவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று: சில நிறுவனங்களின் அட்வைஸில் டிடிஎஸ் பத்தியே இருக்காது, பில் தொகைப் பத்தியிலேயே 1,76,850 என்று கழித்த தொகையை அச்சிட்டிருப்பார்கள். அப்போதும் வித்தியாசம் இதே 150 என்பதால் அடையாளம் காணலாம்.

பிடித்தம் 3,000: வரிக்கு முந்தைய மதிப்பில் 2 விழுக்காடு. வேலை ஒப்பந்தத்துக்கான 194சி டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள். தனிநபர் உரிமையில் உள்ள கூடம் என்றால் 1 விழுக்காடு, அதாவது 1,500 வரும். நாம் சொந்தப் பொருளில் செய்து விற்றதைக் கூலி வேலை என்று அவர்கள் தவறாக வகைப்படுத்தியிருக்கலாம். பணம் வரிக் கணக்கில் வந்து சேரும் என்பதால் இழப்பில்லை, ஆனால் அடுத்த பில்லுக்கு முன் சொல்லித் திருத்த வேண்டும்.

பிடித்தம் 3,540: வரியோடு சேர்ந்த தொகையில் 2 விழுக்காடு. இது டிடிஎஸ் போலத் தோன்றும், ஆனால் முன்கூட்டிப் பணம் தந்ததற்கான கேஷ் டிஸ்கவுண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பர்ச்சேஸ் ஆர்டரில் அப்படி ஒப்புக்கொண்டிருக்கிறோமா என்று பாருங்கள். இல்லையென்றால் பில்லை அந்தத் தொகைக்குத் திறந்தே வைத்துக் கேளுங்கள்.

பிடித்தம் 7,500: 5 விழுக்காடு. நம் பான் எண் அவர்களிடம் பதியப்படாமலோ செயலற்றோ இருந்தால் 194க்யூ இந்த விகிதத்தில்தான் பிடிக்கப்படும். பானைச் சரிசெய்து உடனே தெரிவியுங்கள்.

பிடித்தம் 27,000: முழு ஜிஎஸ்டியும் நிறுத்தப்பட்டிருக்கிறது. அவர்களது ஜிஎஸ்டிஆர்-2பியில் நம் பில் தெரியவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். நம் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலானதா, அவர்களது ஜிஎஸ்டிஐஎன் சரியாக இடப்பட்டதா, பதிவற்றவருக்கான விற்பனையாக இந்தப் பில் போய்விட்டதா என்று இந்த வரிசையில் பாருங்கள். இது பிடித்தம் அன்று, நிறுத்தி வைத்த தொகை. ஆகவே எந்தச் செலவுக் கணக்கிலும் எழுதாமல் அதே பில்லில் 27,000 பாக்கியாகவே நிற்கட்டும். தாக்கல் செய்த விவரத்தைத் திருத்த வேண்டியிருந்தால் வரி ஆலோசகரிடம் கொடுத்துவிடுங்கள்.

எந்த விகிதத்துக்கும் அடங்காத தொகை: அது பெரும்பாலும் எண்ணிக்கை பெருக்கல் விலை. நம் அட்வைஸின் 5,900-ஐ 1.18-ஆல் வகுத்தால் 5,000. பிராக்கெட்டின் விலை 125 என்பதால் 40 எண்ணம் ரிஜெக்ஷன் என்று தெரிகிறது. வகுத்து வரும் எண்ணிக்கை முழு எண்ணாக இல்லையென்றால் விலை வித்தியாசத்தைச் சந்தேகியுங்கள்: பர்ச்சேஸ் ஆர்டர் திருத்தப்பட்டு, பழைய விலையில் நாம் பில் போட்டிருப்போம். எப்படியிருந்தாலும் டெபிட் நோட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள், திரும்பிய சரக்கு நம் கிடங்குக்கு வந்ததா என்று ஸ்டோர்ஸில் உள்ளவரிடம் கேளுங்கள். இரண்டும் கையில் வருமுன் 5,900-ஐத் தள்ளுபடி என்று எழுதி முடிப்பதை நான் ஒருபோதும் ஒப்புவதில்லை. நாற்பது பிராக்கெட் எங்கே போயிற்று என்ற கேள்வியை அந்த ஒரு பதிவு நிரந்தரமாக மூடிவிடுகிறது.

## அறிகுறி 5: எல்லாம் பதிந்த பின்னும் பில்கள் சில்லறைத் தொகையோடு நிற்கின்றன

நிகரத் தொகையை மட்டும் ரசீதாகப் பதிந்து பிடித்தங்களுக்குப் பதிவே போடாமல் விட்டதுதான் பொதுவான காரணம். நிலுவைப் பட்டியலில் 100, 240, 85, 150 என்று நின்றால் அவை டிடிஎஸ் என்று பார்த்தவுடனே தெரியும். நம் அட்வைஸுக்கு முழுமையான பதிவு மூன்று வவுச்சர்களில் முடிகிறது.

ரசீது வவுச்சரில் வங்கிக்கு 6,72,025 பற்று. வாடிக்கையாளர் கணக்கில் `Agst Ref` கொண்டு 0187-க்கு 1,17,900, 0191-க்கு 2,77,060, 0194-க்கு 1,00,215, 0198-க்கு 1,76,850. 0191-இன் தொகையில் டிடிஎஸ்ஸோடு டெபிட் நோட்டும் கழிந்திருப்பதைக் கவனியுங்கள். அடுத்து ஜர்னலில், வரவேண்டிய டிடிஎஸ் கணக்குக்கு 575 பற்று வைத்து, நான்கு பில்களிலும் அவரவர் தொகையைத் தனித்தனியாக வரவு வையுங்கள். 575-ஐ ஒரே பில்லில் வைத்தால் மற்ற மூன்றும் திறந்தே இருக்கும். இப்போது 0191-இல் மட்டும் 5,900 நிற்க வேண்டும். சரக்கு திரும்பியது உறுதியான பின் 5,000 விற்பனையும் 900 வரியும் குறையும்படி 0191-ஐச் சுட்டி கிரெடிட் நோட் எழுப்பினால் அதுவும் முடியும்.

நிற்பது ஒரு ரூபாய்க்கும் குறைவு என்றால் ரவுண்ட் ஆஃப் கணக்கில் எழுதிவிடலாம். ஒரு பில் எதிர்மறைத் தொகையோடு நின்றால், ஒரே கழிவு இரண்டு முறை பதியப்பட்டிருக்கிறது: டெபிட் நோட் வந்த அன்றே கிரெடிட் நோட் போட்டிருப்பார்கள், இப்போது மீண்டும் போட்டிருப்பார்கள். பழைய பதிவைத் தேடி ஒன்றை நீக்குங்கள். ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்கெனவே போனது எது என்று பார்த்து, போகாததை நீக்க வேண்டும்.

## தணிக்கையாளரையோ வரி ஆலோசகரையோ அழைக்க வேண்டிய கட்டம்

டிடிஎஸ் பதிவு போட்டதோடு வேலை முடிவதில்லை; அந்த 575 ரூபாய் 26ஏஎஸ்ஸில் தெரிய வேண்டும். நவம்பர் பில்களுக்கு அப்போதே பிடித்திருந்தால் அது அக்டோபர்–டிசம்பர் காலாண்டைச் சேர்ந்தது; வாடிக்கையாளர் 2025 ஜனவரி 31-க்குள் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் தேடுவதில் பயனில்லை. பிப்ரவரி இறுதியிலும் தெரியவில்லையென்றால் அட்வைஸ் நகலோடு வாடிக்கையாளருக்கு எழுதுங்கள், மே மாதமும் வரவில்லையென்றால் தணிக்கையாளரிடம் ஒப்படையுங்கள்.

கிரெடிட் நோட்டுக்கும் காலக்கெடு உண்டு. 2024-25 ஆண்டுப் பில்லுக்கான கிரெடிட் நோட்டை 2025 நவம்பர் 30-க்குள் விவரத்தில் காட்டினால்தான் 900 ரூபாய் வரி குறையும். அந்த நாள் நெருங்கும்போதும் டெபிட் நோட் குறித்த சச்சரவு தீரவில்லையென்றால், அக்டோபரிலேயே ஆலோசகரிடம் சொல்லுங்கள். கெடு தாண்டிய பின் அவராலும் செய்யக்கூடியது, வரியில்லாமல் 5,000-க்கு மட்டும் கணக்களவில் ஒரு நோட் எழுப்பச் சொல்வதுதான். 900 நம் செலவாகிவிடும்.